டில்லர்னா தூர், ஹில்லுன்னா குத்து: ஒரு சொல் நோட்டின் கதை

சம்பா நடவு முடிஞ்சு முதல் களையும் எடுத்தாச்சு. கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சதால இந்தத் தடவை பயிரைப் பத்தி இல்லாம ஒரு நோட்டைப் பத்தி எழுதறேன். ஆனா அந்த நோட்டுக்குள்ள இருக்கறதும் நம்ம வயல்தான்.

எங்க அண்ணன் மகன் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழியில படிச்சவன். இந்த வருஷம் வேளாண்மைப் பட்டப்படிப்புல சேர்ந்திருக்கான். அங்க புத்தகம், வகுப்பு, தேர்வு எல்லாம் இங்கிலீஷ்ல. தீபாவளி லீவுக்கு வந்தவன், "சித்தப்பா, நான் திரும்பிப் போகல. பக்கத்துல ஏதாவது கலைக் கல்லூரியில தமிழ் வழியில சேர்ந்துக்கறேன்"னான். எங்க குடும்பத்துல இந்தப் படிப்புக்குப் போன முதல் ஆள் அவன். ஏன்டான்னு கேட்டா ஒரு நோட்டை எடுத்து நீட்டினான்.

நோட்டு முழுக்க ஏ-யில ஆரம்பிச்சு அகரவரிசையில இங்கிலீஷ் வார்த்தைகள். எதிர்ல தமிழ் அர்த்தம். தினம் இருபது வார்த்தைன்னு மனப்பாடம் பண்ணியிருக்கான். முந்நூத்துச் சொச்சம் வார்த்தை இருந்துச்சு. முதல் பக்கத்தைச் சொல்லச் சொன்னேன். மூடி வெச்சுட்டு வரிசையா பாட்டு மாதிரி சொன்னான். நடுவுல இருந்து ஒண்ணைக் கேட்டேன், முழிச்சான். மேல இருந்து மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வந்து, அந்த இடத்துக்கு வந்ததும் பதில் சொன்னான்.

அகரவரிசையில படிக்கறதுல வர்ற சிக்கல் இதுதான். ஒரு வார்த்தையை அதுக்கு முன்னாடி இருக்கற வார்த்தை ஞாபகப்படுத்துது, அந்தப் பொருள் ஞாபகப்படுத்தறதில்ல. ஏ பக்கத்துல ஏரேஷன்னு ஒண்ணு, மண்ணுக்குள்ள காத்தோட்டம். அதுக்குக் கீழ அஃபாரெஸ்டேஷன், காடு வளர்ப்பு. அதுக்குக் கீழ அக்ரிகேட், மண் உருண்டை உருண்டையா சேர்ந்து நிக்கறது. முதலும் மூணாவதும் ஒரே மண்ணைப் பத்தின வார்த்தைகள். எழுத்து வரிசைங்கற ஒரே காரணத்துக்காக நடுவுல ஒரு காடு வந்து உக்காந்திருக்கு.

"சரி, புது நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னேன். மொத்தம் 160 பக்கம். விரிச்சா வர்ற ரெண்டு பக்கத்துல, இடது பக்கம் ஒரு காட்சிக்கு, வலது பக்கம் அந்தக் காட்சியில வர்ற வார்த்தைகளோட குடும்பத்துக்குன்னு பிரிச்சோம்.

முதல் காட்சி நெல். இடது பக்கத்துல விதையில ஆரம்பிச்சு களத்து மேடு வரைக்கும், வேலை நடக்கற வரிசையிலேயே எழுதச் சொன்னேன். சோக்கிங், விதையை ஊறப்போடறது. ஸ்ப்ரவுட், முளை. நர்சரி, நாற்றங்கால். சீட்லிங், நாத்து. பட்லிங், சேத்துழவு. டிரான்ஸ்பிளாண்டிங், நடவு. டில்லரிங், தூர் கட்டறது. பூட்டிங், தொண்டைக்கதிர். பேனிக்கிள், கதிர். மில்க் ஸ்டேஜ், பால் பிடிக்கிற பருவம். ஹார்வெஸ்ட், அறுவடை. திரெஷிங், கதிரடிக்கறது. பன்னிரண்டு வார்த்தை. இதுல ஒரு வேலையும் அவனுக்குப் புதுசில்ல, சின்ன வயசுல இருந்து பார்த்து வளர்ந்தவன். வேலையோட வரிசை தலைக்குள்ள ஏற்கெனவே இருக்கு, அதுல பேரை மட்டும் மாட்டணும். நடுவுல இருந்து பூட்டிங்னா என்னன்னு கேட்டா, தூர் கட்டினதுக்கு அப்புறம், கதிர் வெளிய வர்றதுக்கு முன்னன்னு யோசிச்சுப் பிடிச்சான். அர்த்தத்தோட இடமும் சேர்ந்து வந்துச்சு.

அடுத்து வலது பக்கம். தமிழ்ல நாம உழு, உழவு, உழவர்னு மூணையும் தனித்தனியா யார்கிட்டயும் போய்க் கத்துக்கல. அறு தெரிஞ்சா அறுப்பு, அறுவடை தானா வருது. இங்கிலீஷும் அப்படித்தான். ஃபெர்ட்டைல்னா வளமான, விளையக்கூடிய. அதுல இருந்து ஃபெர்ட்டிலிட்டி, வளம். ஃபெர்ட்டிலைசர், உரம். ஃபெர்ட்டிலைசேஷன், உரமிடறது. பழைய நோட்டுல இதெல்லாம் ஒரே பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா நாலு தனி வார்த்தையா, நாலு தனி மனப்பாடமா இருந்துச்சு. இன்ஃபெர்ட்டைல் அதே குடும்பம்தான், முன்னொட்டு ஒண்ணு சேர்ந்த ஒரே காரணத்துக்காக ஐ பக்கத்துக்குப் போயிருச்சு.

குடும்பமா எழுதினப்போதான் இன்னொண்ணும் புரிஞ்சுது. மண்ணியல் பாடத்துல ஃபெர்ட்டிலைசேஷன்னா உரமிடறது. பயிர்ப்பெருக்கப் பாடத்துல அதே வார்த்தைக்குக் கருவுறுதல்னு அர்த்தம், மகரந்தம் சேர்ந்து சூல் பிடிக்கறது. பழைய நோட்டுல முதல் அர்த்தம் மட்டும்தான் இருந்துச்சு, அதனால அந்தப் பாடம் பூவுக்கு யூரியா போடற கதையாவே அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தலைச்சொல்லுக்கு நேரா "விளையக்கூடிய, காய்க்கக்கூடிய"ன்னு எழுதினதும் ரெண்டு அர்த்தமும் ஒரே வேர்ல இருந்து கிளம்பறது தெரிஞ்சுது.

வால் ஒண்ணா இருக்கற குடும்பமும் உண்டு. நாம மருந்துக் கடையில தினம் கேக்கறதுதான். இன்செக்டிசைட் பூச்சிக்கொல்லி, ஃபங்கிசைட் பூஞ்சணக்கொல்லி, ஹெர்பிசைட் களைக்கொல்லி, ரோடென்டிசைட் எலிக்கொல்லி. அந்த "சைட்"டுங்கற வாலும் நம்ம "கொல்லி"யும் அப்படியே பொருந்துது. நெமடோட்னா நூற்புழுன்னு சொன்னேன். "அப்ப நெமடிசைட் நூற்புழுக்கொல்லியா?"ன்னு அவனே கேட்டான். அந்த வார்த்தை அவன் நோட்டுலயே இல்ல.

ஆனா குடும்பம் சேர்க்கும்போது ஒரு ஆபத்து இருக்கு. ஒரே மாதிரி இருக்கறதெல்லாம் ஒரே குடும்பம் கிடையாது. அவன் பாடத்துல "நம்பர் ஆஃப் டில்லர்ஸ் பெர் ஹில்"னு ஒரு வரி. அவனுக்குத் தெரிஞ்ச டில்லர் பவர் டில்லர். ஹில்னா மலை. மலைக்கு எத்தனை டில்லர்னு படிச்சுட்டு, மலைப்பிரதேச விவசாயம் போலன்னு விட்டுட்டான். அங்க டில்லர்னா தூர், ஹில்னா நாம நடற குத்து. குத்துக்கு எத்தனை தூர்ங்கற கணக்கு, நாம வரப்புல நின்னு எண்றதேதான்.

டில்னா உழு. டில்லேஜ் உழவு. டில்த், உழுத மண்ணோட பொலபொலன்னு வர்ற பதம். பவர் டில்லரும் இந்த வீட்டுப் பிள்ளை. தூரைக் குறிக்கற டில்லர் வேற வீடு, பழைய இங்கிலீஷ்ல கிளை, துளிர்ங்கற அர்த்தத்துல இருந்த வேற சொல்லுல இருந்து வந்தது. கதிரைக் குறிக்கற இயரும் காதைக் குறிக்கற இயரும் இப்படித்தான், ஓசை ஒண்ணு, பிறப்பு வேற. அதனால ஒரு வழக்கம் வெச்சோம். ஒரு வார்த்தையைக் குடும்பத்துல சேர்க்கறதுக்கு முன்னாடி, தலைச்சொல்லோட அர்த்தம் அதுக்குள்ள இருக்கான்னு கேட்டுக்கணும். தூருக்குள்ள உழவு இருக்கா? இல்ல. அப்ப அது நெல் காட்சிப் பக்கத்துலயே இருக்கட்டும்.

காட்சிப் பக்கத்துலயும் ஒரு எச்சரிக்கை உண்டு. தலைப்பு வாரியா பிரிக்கறதுன்னதும் அவன் "தானியங்கள்"னு போட்டு பார்லி, ஓட்ஸ், ரைன்னு வரிசையா எழுத ஆரம்பிச்சான். மூணையும் அவன் பயிரா கண்ணால பார்த்ததில்ல. மறுநாள் கேட்டா மூணும் ஒண்ணுக்கொண்ணு மாறிப் போச்சு. இது இவனுக்கு மட்டும் வர்றதில்ல. டிங்க்கம்னு ஒரு ஆய்வாளர் 1993லயும் 1997லயும் எழுதின கட்டுரைகள்ல இதைக் காட்டியிருக்கார். ஒரே இனத்துப் புது வார்த்தைகளை ஒரே நேரத்துல படிச்சா அதுங்க ஒண்ணையொண்ணு குழப்புது, ஒரே காட்சியில வர்ற வேற வேற வார்த்தைகளைச் சேர்த்துப் படிச்சா சுலபமா நிக்குது.

அதனால ஜோடியா குழப்பற வார்த்தைகளை ஒரே நாள்ல எழுதக் கூடாதுன்னு வெச்சோம். அப்சார்ப்ஷன், அட்சார்ப்ஷன் ரெண்டும் மண்ணியல்ல அடிக்கடி வரும். முதலாவது உள்ள உறிஞ்சிக்கறது, வேர் தண்ணி இழுக்கற மாதிரி. ரெண்டாவது மேல்பரப்புல ஒட்டிக்கறது, களிமண் துகள் மேல உரச்சத்து ஒட்டி நிக்கற மாதிரி. முதல் வாரம் அப்சார்ப்ஷன் மட்டும், வேர் காட்சிப் பக்கத்துல. அது நல்லா ஊணினதுக்கு அப்புறம், பத்து நாள் கழிச்சு களிமண் பக்கத்துல அட்சார்ப்ஷன். ரெண்டுக்கும் நடுவுல பக்க எண்ணைப் போட்டு ஒரு அம்புக்குறி. இப்ப மாத்திச் சொல்றதில்ல.

அப்ப அகரவரிசையே வேண்டாமான்னு கேப்பீங்க. தேடறதுக்கு அது இல்லாம முடியாது. நோட்டோட கடைசி பத்துப் பக்கத்தை அதுக்கு ஒதுக்கினோம். அங்க வார்த்தையும் பக்க எண்ணும் மட்டும், அர்த்தம் கிடையாது. அர்த்தம் வேணும்னா அந்தக் காட்சிக்கே போய்ப் பார்க்கணும்.

யோசிச்சுப் பார்த்தா இது நம்ம ஊருக்குப் புதுசில்ல. நம்ம பழைய நிகண்டுகள் மனப்பாடம் பண்றதுக்குன்னு செய்யுள்ல செஞ்சவை. திவாகரத்துல மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர்னு பன்னிரண்டு தொகுதி, பொருள் வாரியாத்தான் இருக்கு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வர்றதுக்கே தனியா ஒரு தொகுதி வெச்சிருக்காங்க. நம்ம ஃபெர்ட்டிலைசேஷன் சங்கதி அங்கதான் போய்ச் சேரும். வீரமாமுனிவர் 1732ல செஞ்ச சதுரகராதி மாதிரி அகரவரிசை நூல்கள் பின்னால வந்தவை, சொல்லைத் தேடி எடுக்கறதுக்கு. படிக்கறதுக்கு ஒரு வரிசை, தேடறதுக்கு ஒரு வரிசைன்னு ரெண்டுமே நம்மகிட்ட இருந்திருக்கு.

பையன் லீவு முடிஞ்சு கல்லூரிக்கே போயிட்டான். தமிழ் வழிக்கு மாறறதைப் பத்தி முதல் பருவத் தேர்வு முடிஞ்சு பேசிக்கலாம்னு அவங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கான். தேர்வு இன்னும் வரல, அதனால ஜெயிச்சுட்டான்னு நான் எழுத மாட்டேன். போன வாரம் போன் பண்ணி, "சித்தப்பா, லாட்ஜிங்னா தங்கற ரூம்தானே? நெல் பாடத்துல வருது"ன்னான். காத்துக்கும் மழைக்கும் பயிர் சாயறதுக்கு அந்தப் பேருன்னு சொன்னேன். எந்தப் பக்கத்துல எழுதறதுன்னு கேட்டான். பால் பிடிக்கறதுக்கும் அறுவடைக்கும் நடுவுல எழுதிக்கப்பா, நம்ம ஊர்ல அப்பதான் பெரும்பாலும் சாயுதுன்னேன்.