இரண்டாயிரம் பேருக்குக் கண்ணொளி

எண்களுக்கும் எனக்கும் சிறு வயது முதலே ஆகாது. அப்படிப்பட்ட என்னிடம் போய், "தம்பி, வருஷாந்திர அறிக்கையைக் கொஞ்சம் அழகாக எழுதிக் கொடுங்கள்" என்றார் திருவண்ணாமலையில் ஓர் அறநிலையத்தின் காரியதரிசி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சம்பளம் வாங்காமல் உழைப்பவர். கிராமங்களில் கண் சிகிச்சை முகாம் நடத்துவது அவர்கள் பணி.

பழைய அறிக்கையின் முதல் வரி: "இவ்வாண்டு இரண்டாயிரம் பேருக்குக் கண்ணொளி வழங்கினோம்!" மேலே ஒரு பாட்டியின் புகைப்படம்.

"இந்த இரண்டாயிரம் எங்கிருந்து வந்தது, ஸார்?"

"முகாம் நோட்டுகளில் இருக்கிறது. கொஞ்சம் ரவுண்டாகப் போட்டோம்."

நோட்டுகளை வாங்கிக்கொண்டு கிரிவலப் பாதையோரத்து அறை ஒன்றில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு முகாம்களில் 1,864 பதிவுகள் இருந்தன. ஆனால் பதிவு வேறு, ஆள் வேறு. ஒரே ஆள் இரண்டு முகாமுக்கு வந்தால் இரண்டு பதிவு. பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிரிக்கவும் முடியாது. இது அண்ணாமலையார் ஊர் அல்லவா? பக்கத்துக்குப் பத்து அண்ணாமலை, எட்டு அருணாசலம், ஆறு உண்ணாமலை! பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், வயது நான்கும் ஒத்துப் போனால்தான் ஒரே ஆள் என்று கொண்டேன். மூன்று நாள் வேலைக்குப் பிறகு 1,590 பேர் நின்றார்கள்.

அவர்கள் எல்லோரும் கண்ணொளி பெற்றார்களா? இல்லை. அவர்கள் கண் பரிசோதனை பெற்றவர்கள், அவ்வளவுதான். கண்புரைக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் எழுதியது 196 பேருக்கு. ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டுகளை எண்ணினேன்: 131. ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் 104. அவர்களில் 91 பேருக்குப் பார்வை 6/18 அல்லது அதைவிட மேல். அதாவது, நல்ல கண் பதினெட்டு மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர்கள் ஆறு மீட்டரிலாவது படிக்கிறார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேராவது இந்த நிலையை எட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1998-ல் சொன்ன அளவுகோல்.

காரியதரிசி உற்சாகமானார். "104-ல் 91 என்றால் நூற்றுக்கு எண்பத்தேழுக்கு மேல்! அதையே போடுங்கள்."

"வராத 27 பேர்?"

"அவர்களுக்கும் நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் வரவில்லை."

"பார்வை சரியில்லாததால் வழி தெரியாமல் வராமலும் இருக்கலாமே, ஸார்?"

அவர் பதில் சொல்லவில்லை. "131 பேரில் 91 பேருக்கு நல்ல பார்வை என்பது உறுதி, 27 பேர் நிலை எங்களுக்குத் தெரியாது" என்று எழுதினேன்.

படத்திலிருந்த பாட்டியைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று செங்கம் சாலையில் அவள் கிராமத்துக்குப் போனேன். பாட்டி குரலை வைத்துத்தான் என் பக்கம் திரும்பினாள். இரண்டு கண்ணிலும் புரை அப்படியே இருந்தது.

"ஆசுபத்திரிக்கு ஏன் போகலை, ஆயா?"

"மூணு நாளு போனா ஆட்டை யாரு பாக்கறது சாமி? கூட வர்றதுக்கும் ஆளில்ல. எல்லாரும் மல்லாட்டை புடுங்கப் பூட்டாங்க."

அன்று இரவு அந்த முதல் வரியை அடித்தேன். "1,590 பேரின் கண்ணைப் பரிசோதித்தோம். அறுவை தேவைப்பட்ட 196 பேரில் 131 பேர் செய்துகொண்டார்கள். 65 பேர் போகவில்லை" என்று தொடங்கினேன். ஒவ்வோர் எண்ணின் கீழும் அது முகாம் நோட்டிலிருந்தா, டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்தா என்று சிறு எழுத்தில் குறித்தேன். பாட்டியின் ஆட்டையும், வேர்க்கடலை அறுவடையையும் எழுதி, மறுபடி போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "மெய்தானே, போட்டுக்க" என்றாள். படம் மட்டும் வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டோம்.

காரியதரிசி வெகு நேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரண்டாயிரம் 131 ஆகிவிட்டதே, தம்பி. நன்கொடை நின்றுபோனால் அடுத்த முகாமுக்கு வேனுக்கு எண்ணெய் யார் போடுவார்கள்?" நியாயமான பயம். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. நன்கொடை கூடவும் இல்லை, குறையவும் இல்லையாம். ஆனால் இருபது வருஷமாகப் பேசாமல் பணம் மட்டும் அனுப்பி வந்த ஒரு ஜவுளி வியாபாரி, முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாராம்:

"அந்த 65 பேரில் எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சொல்லுங்கள். ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறேன்."