அக்காவுக்கா, அக்காவிடமா?

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வந்து உட்காருகிறது. பெயரோடு 'ஐ' சேர்ப்பதா 'கு' சேர்ப்பதா என்று முடிவெடுக்கிற நேரத்தில், அதை முடிவு செய்ய வேண்டிய சொல் இன்னும் தாளுக்கே வந்திருக்காது. பேச்சில் இதனால் குடி முழுகிவிடுவதில்லை. வாய் தானாகவே சரியாகப் போகும். தப்பிப் போனாலும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்லிவிடலாம். எழுத்தில்தான் சிக்கல். மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். உருபில் சந்தேகம் வந்தால் வாக்கியத்தை வால் பக்கமிருந்துதான் பிடிப்பேன்.

முறை எளிது. பெயரை விரலால் மறைத்துக்கொண்டு வினையை மட்டும் எடுத்து, அதனிடம் யார், எது என்ற சொற்களை வைத்துக் கேட்க வேண்டும். 'உதவினார்' என்று இருக்கிறதா? யாரை உதவினார் என்று கேட்டால் காது ஒப்புவதில்லை. யாருக்கு உதவினார் என்றால் உடனே ஒப்புகிறது. 'சந்தித்தார்' என்றால் யாரை. 'பேசினார்' என்றால் யாரோடு அல்லது யாரிடம். 'பயந்தார்' என்றால் யாருக்கு, எதற்கு. நாய்க்குப் பயந்தான், நாயைக் கண்டு பயந்தான் இரண்டும் சரி. 'நாயைப் பயந்தான்' மட்டும் நிற்காது, ஏனென்றால் இரண்டாவது வாக்கியத்தில் அந்த 'ஐ' பயந்தான் என்பதற்கு உரியதே அல்ல, 'கண்டு' என்பதற்கு உரியது. பெயரை ஏன் மறைக்க வேண்டும் என்றால், அதில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் உருபு நம் காதைக் கெடுத்துவிடும். தப்பான உருபையும் நாலு தடவை படித்தால் சரியாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

இப்படிக் கேட்டால் பெரும்பாலான வாக்கியங்களில் ஒரு பதில்தான் வரும், வேலை முடிந்துவிடும். இரண்டு பதில் வருகிற இடங்கள்தான் சுவாரஸ்யமானவை. 'கொடு' அப்படிப்பட்ட வினை. யாருக்குக் கொடுத்தாள் என்றும் கேட்கலாம், யாரிடம் கொடுத்தாள் என்றும் கேட்கலாம். காது இரண்டையும் ஒப்புக்கொள்கிறது.

ஒரு சிறுகதை மெய்ப்பில் 'அம்மா நகையை அக்காவுக்குக் கொடுத்தாள்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. இலக்கணப்படி எந்தக் குறையும் இல்லை. நான்காம் வேற்றுமையின் பொருள்களில் கொடையைத்தான் நன்னூல் முதலில் வைக்கிறது. அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அங்கே தம்பியின் கல்யாணம் வருகிறது. அக்கா பீரோவிலிருந்து அதே நகையை எடுத்துப் புது மருமகள் கையில் வைக்கிறாள். அம்மா சொன்னபடியே செய்துவிட்டேன் என்கிறாள். கதையாசிரியர் அதை ஒரு தியாகமாக எழுதவில்லை. ஒப்படைத்த பொருளை உரியவர்களிடம் சேர்த்த நிம்மதியாகத்தான் எழுதியிருந்தார். அப்படியானால் முன்பக்கத்தில் அம்மா அந்த நகையை அக்காவுக்குக் கொடுத்திருக்க முடியாது. அக்காவிடம் கொடுத்திருக்கிறாள்.

'கு' போட்டால் பொருள் கைமாறுவதோடு உரிமையும் மாறுகிறது. 'இடம்' போட்டால் பொருள் மட்டும்தான் கைமாறுகிறது. ஊருக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுக்கிறோம், பாட்டிக்குக் கொடுப்பதில்லை. பாட்டிக்குக் கொடுப்பது மாம்பழம். தபால்காரர் மணியார்டர் பணத்தை வீட்டிலிருக்கும் மகனிடம் கொடுத்தாலும் அது அப்பாவுக்கு வந்த பணம்தான். சொத்துத் தகராறு உள்ள வீட்டில் இந்த இரண்டு உருபுகளும் வழக்கறிஞர்வரை போகக்கூடியவை. அந்தக் கதையில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு 'அக்காவிடம்?' என்று எழுதி அனுப்பினேன். ஆசிரியர் மாற்றிக்கொண்டார். மாற்றாமல் விட்டிருந்தால் அது வேறு கதை. அக்கா தன் நகையைத் தம்பி மனைவிக்குத் தந்த கதை. அதுவும் நல்ல கதைதான், ஆனால் அவர் எழுதியது அதுவல்ல.

அதே 'இடம்' வாங்குவதற்கும் வரும். அப்பாவிடம் கொடுத்தேன், அப்பாவிடம் வாங்கினேன். போகிற திசையும் வருகிற திசையும் உருபில் இல்லை, வினையில்தான் இருக்கிறது. 'அப்பாவுக்கு வாங்கினேன்' என்றாலோ அப்பா கடைக்காரர் அல்ல, சட்டையைப் போட்டுக்கொள்ளப் போகிறவர். உருபுக்கென்று தனியாக ஒரு பொருளை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு வாக்கியத்தைத் திருத்த முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். பழைய இலக்கணக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை தெரிந்தே இருந்தது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் முடிந்ததும், ஓர் உருபின் இடத்தில் இன்னொன்று வருவது போன்றவற்றைப் பேசுவதற்கென்றே வேற்றுமை மயங்கியல் என்று தனி இயல் இருக்கிறது.

'முடி' என்ற வினை இன்னும் குறும்பு பிடித்தது. 'என்னால் முடியவில்லை' என்றால் ஒரு வேலையைச் செய்ய இயலவில்லை. 'எனக்கு முடியவில்லை' என்றால் உடம்பு சரியில்லை. ஒரு விடுப்புக் கடிதத்தில் 'எனக்கு முடியாததால் வர இயலவில்லை' என்று இருந்தால் கை வைக்கக் கூடாது. காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று பொருள். அதையே 'என்னால் முடியாததால்' என்று அழகுபடுத்தினால் வேலைக்கு வர மனமில்லாதவர் போல ஆகிவிடும். 'இரு' என்பதும் இப்படித்தான். என்னிடம் பணம் இருக்கிறது. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். 'என்னிடம் ஒரு தம்பி இருக்கிறான்' என்றால் தம்பியைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்கிற ஆள் பேசுவது போல இருக்கும்.

இதெல்லாம் பொருளைப் பார்த்துத் தீர்க்க வேண்டியவை. சுத்தமான தவறுகள் வேறு வழியாக வருகின்றன. இத்தனை காலம் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான்: தமிழை வீட்டில் பேசி வளர்ந்தவர்கள், உருபு தெரியாமல் தவறு செய்வது அபூர்வம். முதலில் சரியாகத்தான் எழுதுகிறார்கள். பிறகு வினையை மாற்றுகிறார்கள். பெயரை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

செய்திகளில் அடிக்கடி அகப்படும் வாக்கியம் ஒன்று: 'மூன்று பேரைக் கைது செய்யப்பட்டனர்.' இது பிறந்த கதையை வாக்கியமே சொல்கிறது. நிருபர் முதலில் 'போலீசார் மூன்று பேரைக் கைது செய்தனர்' என்று எழுதியிருப்பார். அந்தப் பத்தியில் போலீசார் என்ற சொல் ஏற்கெனவே நிறைய வந்திருக்கும். உதவியாசிரியர் அதை அடித்துவிட்டு வினையைச் செய்யப்பாட்டுவினை ஆக்கியிருப்பார். இப்போது கைதானவர்கள்தான் எழுவாய். எழுவாய்க்கு 'ஐ' ஆகாது. 'மூன்று பேர் கைது செய்யப்பட்டனர்' என்று ஆகியிருக்க வேண்டும். இதை அவசரத்தில் திருத்தினால் 'மூன்று பேர்க் கைது' என்று ஒரு 'க்' மட்டும் அனாதையாக நின்றுவிடும். 'ஐ' விரிந்து வந்ததால் வந்த ஒற்று அது. 'ஐ' போனால் அதுவும் போக வேண்டும். பால் குடித்தான், பாலைக் குடித்தான் என்பதில் உள்ள வேறுபாடுதான். மெய்ப்பில் தேவையில்லாத வல்லின ஒற்று ஒன்று நின்றால், அங்கே முன்பு ஓர் உருபு இருந்திருக்குமோ என்று சந்தேகப்படலாம்.

இன்னொன்று, வினையை அலங்காரப்படுத்துவதால் வருவது. 'தலைவர் மக்களை நம்பினார்' என்று இருந்தது. நம்பினார் என்பது மொட்டையாக இருக்கிறது என்று யாரோ நினைத்து 'நம்பிக்கை வைத்தார்' என்று நீட்டினார்கள். 'தலைவர் மக்களை நம்பிக்கை வைத்தார்' என்று வந்து நின்றது. இப்போது வினை 'வைத்தார்'. எதை வைத்தார்? நம்பிக்கையை. 'ஐ' ஏற்கும் இடத்தை நம்பிக்கை பிடித்துக்கொண்டது. மக்களுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். எங்கே வைத்தார்? மக்கள் மீது, மக்களிடம். ஒற்றை வினையை உடைத்து ஒரு பெயரும் 'செய்', 'வை', 'கொள்' போன்ற ஒரு துணையும் ஆக்கும்போதெல்லாம் இந்த ஆபத்து உண்டு. என்னைக் கேட்டால் 'மக்களை நம்பினார்' என்பதே போதும். ஆனால் அது என் வேலையில் சேராது.

எச்சம் ஒன்று நடுவில் வந்துவிட்டால் எந்த வினையைக் கேட்பது என்ற கேள்வி வரும். 'ஆட்சியரிடம் சந்தித்து மனு கொடுத்தனர்' என்கிற வாக்கியத்தில் எழுதியவரின் மனம் மனு கொடுப்பதிலேயே இருந்திருக்கிறது. ஆனால் ஆட்சியர் என்ற பெயருக்குப் பக்கத்தில் முதலில் வந்து நிற்பது 'சந்தித்து'. முதல் உரிமை அதற்குத்தான்: 'ஆட்சியரைச் சந்தித்து மனு கொடுத்தனர்.' யாரிடம் கொடுத்தார்கள் என்று திரும்பச் சொல்ல வேண்டாம், சந்தித்தவரிடம்தான். 'சந்தித்து' என்பதை எடுத்துவிட்டால் 'ஆட்சியரிடம் மனு கொடுத்தனர்' என்று உருபு திரும்ப வரும்.

உருபு இல்லாத இடத்தையும் பார்க்கத்தான் வேண்டும். அஃறிணையில் 'பால் வாங்கினேன்' என்று 'ஐ' இல்லாமல் விடலாம். ஆளாக இருந்தால் விட முடியாது. 'டாக்டர் கூட்டி வந்தான்' என்று எழுதினால் டாக்டரே யாரையோ கூட்டி வந்ததாக ஆகும். இந்த விதியை நம்பி, புதிதாக வந்த ஒருவர் ஒரு நாவல் மெய்ப்பில் 'ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனார்கள்' என்பதைப் 'பெண்ணைப் பார்க்கப் போனார்கள்' என்று திருத்தியிருந்தார். பெண் உயர்திணைதானே சார் என்றார். உயர்திணைதான். ஆனால் பெண்ணைப் பார்க்கப் போவதென்றால் விடுதியில் படிக்கிற மகளைப் பார்க்கப் போகலாம், ஆஸ்பத்திரியில் இருக்கிற பெண்ணைப் பார்க்கப் போகலாம். 'பெண் பார்க்க' என்றால் தட்டில் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் போவது. அங்கே எந்தப் பெண் என்று இன்னும் முடிவாகவில்லை; பெண்ணும் பார்ப்பதும் சேர்ந்து ஒரே வினையாகிவிட்டன. மாப்பிள்ளை பார்ப்பதும், வேலைக்கு ஆள் தேடுவதும் அப்படியே. அவர் சேர்த்த 'ஐ'யை அடித்து, பழையபடி என்று ஓரத்தில் எழுதினேன். அடுத்த அத்தியாயத்தில் கல்யாணம் நிச்சயமான பிறகு அதே மாப்பிள்ளை தனியாகப் போகிற இடத்தில் 'பெண்ணைப் பார்க்க' என்றே இருந்தது. அதை நாங்கள் இருவருமே தொடவில்லை.