வெட்டி ஒட்டுவதா, வரைந்து தள்ளுவதா?

கட்-அவுட் என்றதும் நம்மூரில் ஞாபகத்துக்கு வருவது தியேட்டர் வாசலில் பாலாபிஷேகம் வாங்கிக்கொண்டு நிற்கும் நாற்பதடி ஹீரோதான். அனிமேஷனில் இந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. தலை, உடம்பு, மேல்கை, முன்கை, உள்ளங்கை என்று ஓர் உருவத்தைத் தனித்தனித் துண்டுகளாக ஒரே ஒருமுறை வரைந்து, மூட்டு மூட்டாக இணைத்து, பொம்மலாட்டம் போல அசைப்பது கட்-அவுட். இணைத்து வைத்த அந்தப் பொம்மைக்கு ரிக் என்று பெயர். ஒவ்வோர் அசைவுக்கும் முழு உருவத்தையும் புதிதாக வரைவது ஃப்ரேம் பை ஃப்ரேம். முதல் குறும்படம் எடுக்கப் போகிறவர் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இந்த இரண்டில் எது என்பதுதான்.

காசு இங்கே பெரிய பிரச்னை இல்லை. கிரிட்டாவும் ஓப்பன்டூன்ஸும் (இது 2016-ல் இலவசமாக்கப்பட்டது) ஒரு பைசா கேட்பதில்லை. சின்ன பேனா டேப்லெட் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சின்ன பட்ஜெட் படத்தில் உண்மையில் தீர்ந்துபோவது நாட்கள். கோடை விடுமுறை 60 நாள் என்றால் 61-ஆவது நாள் கல்லூரி திறந்துவிடும். அப்போது பாதியில் நிற்கும் படம் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும்.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். விஷ்காம் மாணவி ஒருத்தி இரண்டு நிமிடப் படம் யோசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் பாட்டி வடாம் காயவைத்துக் காவல் இருக்கிறாள். காக்கா ஒன்று திருட வருகிறது. (வடை சுட்ட பாட்டி இல்லை, இவள் வேறு.) பாட்டி திரையில் இருப்பது 80 விநாடி, அதில் பாதி நேரம் சும்மா உட்கார்ந்து முறைக்கிறாள். காக்கா அசைவது 30 விநாடி.

படம் ஓடுவது விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரே படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால் விநாடிக்கு 12 படம் வரைந்தால் போதும். பாட்டியின் 40 விநாடி அசைவுக்கு 480 படம். மடிசாரும் சுருக்கமும் கண்ணாடியும் உள்ள பாட்டியை வரைந்து, கோட்டைச் சுத்தம் செய்து, வர்ணம் நிரப்ப, கடிகாரம் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 20 நிமிடம் ஆகிறது. மொத்தம் 160 மணி நேரம். இதையே கட்-அவுட்டில் செய்தால் முன்பக்கப் பாட்டி ஒன்று, பக்கவாட்டுப் பாட்டி ஒன்று என இரண்டு ரிக் கட்ட 45 மணி, அசைக்க 40 மணி. ஏறக்குறைய பாதி.

அப்படியானால் காக்காவும் கட்-அவுட்தானே? அவசரப்படக் கூடாது. காக்கா என்பது மூக்கு வைத்த ஒரு கறுப்புத் திட்டு. ஐந்து நிமிடத்தில் ஒன்று வரைந்துவிடலாம். 360 படம் வரைந்தாலும் 30 மணிதான். அதற்கு ரிக் கட்ட உட்கார்ந்தால் தத்தும், தலை சாய்க்கும், திரும்பும், பறக்கும் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோணம் வேண்டும். மிச்சமாவது ஒன்றுமில்லை. பறப்பதற்கு நான்கே சிறகுப் படங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் விநாடிக்கு மூன்று சிறகடிப்பு கிடைத்துவிடும். ஆக, செலவை முடிவு செய்வது படத்தின் நீளம் இல்லை, ஓர் உருவத்தில் எத்தனை கோடு இருக்கிறது என்பதே. டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 2000-ல் எடுத்த ரிஜெக்டட் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முழுக்கக் கையால் வரைந்ததுதான், ஆனால் மனிதர்களெல்லாம் குச்சி குச்சியாக இருப்பார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்-அவுட்டுக்குச் சில காரியங்கள் வராது. லோட்டே ரைனிகர் அம்மையார் 1926-ல் வெளியான இளவரசர் அஹ்மத் படத்தை மூன்று வருடம் கறுப்பு அட்டையை வெட்டி வெட்டி எடுத்தார். அதில் உருவங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நிற்கும். தட்டையான துண்டு கேமராவை நோக்கித் திரும்பாது, அவ்வளவுதான் விஷயம். நம் பாட்டிக்கும் அதே கதிதான். இடப்பக்கம் பார்ப்பவளைக் கண்ணாடி பிம்பமாகப் புரட்டி வலப்பக்கம் பார்க்கவைப்பது எல்லோரும் செய்யும் குறுக்குவழி. புடவை கட்டிய பாட்டியிடம் அது பலிக்காது. முந்தானை சட்டென்று தோள் மாறிவிடும், மூக்குத்தியும் மூக்கின் மறுபக்கம் போய்விடும். வெளிநாட்டுப் பாடங்களில் இந்த எச்சரிக்கை இருக்காது! முந்தானையையும் மூக்குத்தியையும் தனித் துண்டாக வைத்திருந்தால் மாற்றி வைத்துச் சமாளிக்கலாம்.

அடுத்தது மூட்டு. மேல்கையின் நுனியும் முன்கையின் ஆரம்பமும் ஒரே அளவு வட்டமாக இருந்து, சுழலும் புள்ளி அந்த வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கை மடங்கும்போது முழங்கையில் பள்ளம் விழும். ரிக் முடிந்தவுடன் கையை 90 டிகிரி மடக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்து ஷாட் முடித்த பிறகு தெரிந்தால் அழுகைதான் வரும். வெளிக்கோடு போட்ட உருவத்தில் இந்த இடத்தில் கோடு குறுக்கே ஓடும். கோடில்லாத வர்ணத் துண்டு ஒன்றை மேலே ஒட்டி மறைப்பார்கள்.

பாட்டி எழுந்திருப்பதுதான் இந்தப் படத்தில் கஷ்டமான ஷாட். முட்டியில் கை ஊன்றி, முதுகை முன்னால் சாய்த்து, ஒரு மூச்சு வாங்கி எழ வேண்டும். புடவை மடிப்பெல்லாம் மாறும். ரிக்கில் செய்தால் லிஃப்டில் ஏறுவது போல மேலே வருவாள். உடம்பின் கனம் தெரியாது. மூன்று விநாடிதானே, 36 படம், 12 மணி. வரைந்துவிடுவது மேல்.

கூட்டினால் 85, 30, 12 என்று 127 மணி. தினம் மூன்று மணி உட்கார்ந்தால் 43 நாள். பின்னணிக்கும் ஒலிக்கும் இரண்டு வாரம் மிஞ்சுகிறது. எல்லாவற்றையும் வரைந்திருந்தால் 202 மணி, அதாவது 68 நாள். விடுமுறை முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

இரண்டு முறையையும் கலப்பதில் ஓர் ஆபத்து உண்டு. சாஃப்ட்வேர் ரிக்கை 24 ஃப்ரேமிலும் வழுக்கிக்கொண்டே நகர்த்தும், வரைந்தது 12-ல் தத்தும். பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் பாட்டி தண்ணீருக்குள் இருப்பது போலவும் காக்கா மாடியில் இருப்பது போலவும் தோன்றும். ரிக்கையும் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை மட்டும் நகரும்படி செய்து, ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் நிறுத்திவைத்தால் இது சரியாகும். கோட்டின் தடிமனும் ஒத்துப்போக வேண்டும். குளோசப்புக்கு ரிக்கைப் பெரிதாக்கினால் கோடும் சேர்ந்து தடித்துவிடும் என்பதால் பாட்டியின் முகத்தைத் தனியாக ஒருமுறை பெரிதாக வரைந்தே ஆக வேண்டும்.

மேலே சொன்ன 20 நிமிடமும் ஐந்து நிமிடமும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஷாட் பட்டியலை எழுதிய கையோடு பாட்டியில் இரண்டு விநாடி, காக்காவில் இரண்டு விநாடி வரைந்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டு நாள் வேலை. பாட்டிக்கு 35 நிமிடம் ஆகிறதென்றால், எழுந்திருக்கும் அந்த ஷாட்டைக்கூட இடுப்புக்கு மேல் மட்டும் காட்டி ரிக்கிலேயே ஒப்பேற்ற வேண்டியிருக்கும்.