காலியாக விட்ட இரண்டு நாள்

வானொலியில் சில விநாடி மௌனம் விழுந்தாலே எனக்கு வியர்த்துவிடும். இடைவெளி விடக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆனால், என் அப்பா விட்டுவைத்த ஓர் இடைவெளிதான் ஒரு தொழிற்சாலையின் இழப்பீட்டைக் காப்பாற்றியது.

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா பாய்லர்மேன். கொழுந்தை உலர்த்தும் காற்றைச் சூடாக்க அந்த பாய்லரின் நீராவி வேண்டும். ஒரு நாள் காலை தண்ணீர் ஏற்றும் பம்ப் நின்றது. தண்ணீர் இறங்கினால் பர்னரை அணைக்க வேண்டிய கருவியும் வேலை செய்யவில்லை. சற்று நேரத்தில் ஒரு குழாய் வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

இயந்திரப் பழுதுக் காப்புறுதி இருந்தது. ஆனால் அது திடீர்ச் சேதத்துக்கு மட்டுமே பணம் தரும். நாள்பட்ட தேய்மானம், துரு, குழாயில் படியும் உப்புப் படிவம் ஆகியவற்றுக்குத் தராது. காப்புறுதி நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் முதலில் கேட்டது பராமரிப்புப் புத்தகத்தைத்தான்.

அதில் மூன்று வாரத்துக்கு முன் இரண்டு நாள் காலி. அப்பா காய்ச்சலில் கிடந்த நாள்கள். மாற்று ஆள் எழுதவில்லை. "இப்பவே எழுதிடுங்கண்ணே, யாருக்குத் தெரியும்?" என்றார் கிராணி.

"பார்க்காததை எப்படிய்யா எழுதுறது?" என்றார் அப்பா.

மதிப்பீட்டாளர் அந்த இரண்டு நாளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். அப்பா உள்ளதைச் சொன்னார். வெடித்த குழாயைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால், பொறியாளர் அதை அறுத்துப் பார்த்தார். வெடிப்பின் விளிம்பு கத்திபோல மெலிந்து, மீன் வாய்போலப் பிளந்திருந்தது. உள்ளே படிவம் மெல்லிசாகத்தான் இருந்தது. பல மாதம் படிவம் ஏறி, வெப்பம் தாங்காமல் போன குழாயாக இருந்தால், உள்ளே படிவம் தடித்து, விளிம்பும் பருமனாக இருந்திருக்கும். இது தண்ணீர் இல்லாமல் சட்டென்று சூடேறிய குழாய். இரண்டு நாளில் அத்தகைய படிவம் சேராது என்பதால் காலிப் பக்கம் ஒரு பிரச்சினையாகவில்லை.

அடுத்து, கருவி ஏன் அணைக்கவில்லை? அதன் ரிலேயில் மின்தொடுமுனைகள் உருகி ஒட்டியிருந்தன. அன்று காலை ஆறு மணிக்குத் தண்ணீரை இறக்கிச் சோதித்தபோது கருவி சரியாக பர்னரை அணைத்ததாக அப்பா எழுதியிருந்தார். ஆக, பழுது அதற்குப் பிறகு வந்தது.

ஆனால் அந்தக் காலைக் குறிப்பை நம்ப வைத்தது எது? "எல்லா நாளும் ஒரே பேனாவில் நிறைந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றாராம் மதிப்பீட்டாளர்.

குழாய்கள், ரிலே, கூலி ஆகியவற்றுக்கு, நிறுவனமே ஏற்க வேண்டிய முதல் தொகை போக, பணம் வந்தது. அன்று கெட்டுப்போன கொழுந்துக்கு வரவில்லை. அதற்குத் தனிக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும்.

அப்பா இப்போது ஓய்வில் இருக்கிறார். மறதி வந்துவிட்டதென்று மாத்திரை சாப்பிடும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதுகிறார். போன வாரம் புரட்டினேன். செவ்வாய்க்கிழமை காலியாக இருந்தது.