பிட்டுப் படமும் படுக்கையறையும்

கோடம்பாக்கத்தில் வளர்ந்த யாரும் சினிமாச் சண்டையை நிஜம் என்று நம்புவதில்லை. ஹீரோ பறப்பது கயிற்றில், கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவது டூப், இரண்டு நிமிடக் காட்சி இரண்டு நாள் எடுத்து ஒட்டியது. இதெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கூடத் தெரியும். ஆனால் அதே ஆள் செல்போனில் ஆபாசப் படம் பார்க்கும்போது மட்டும் இந்த அறிவைக் கழற்றி வைத்துவிடுகிறார்!

அதுவும் எடுத்து ஒட்டியதுதான். இடைவேளைகள் வெட்டப்படுகின்றன. நடிகர் விறைப்புக்காக மாத்திரை போட்டிருக்கலாம். எது சம்மதம், எது கூடாது என்று படப்பிடிப்புக்கு முன்னால் பேசிக்கொள்வது படத்தில் வராது. உடல்வாகு பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்ப்பவருக்கு மிஞ்சுவது இதுதான்: ஆண் எப்போதும் தயார், அரை மணி நேரம் தாங்குவான், பெண் உள்ளே நுழைந்த உடனே உச்சம் அடைவாள்.

நிஜம் என்ன? 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 500 தம்பதிகள் ஸ்டாப்வாட்ச் வைத்து உறவு நேரத்தை அளந்தார்கள். உள்ளே நுழைந்ததிலிருந்து விந்து வெளியேறும் வரை எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் நேரம் 5.4 நிமிடம். ஒரு நிமிடத்துக்கும் குறைவானவர்களும் இருந்தார்கள், 44 நிமிடம் போனவர்களும் இருந்தார்கள். 2017-இல் வந்த அமெரிக்க ஆய்வில், உறவு மட்டுமே உச்சத்துக்குப் போதும் என்று சொன்ன பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலானவர்களுக்குக் கிளிட்டோரிஸில் தொடுதல் தேவைப்பட்டது, அல்லது அது இருந்தால் நன்றாக இருந்தது. ஆக, படத்தில் காட்டும் முறையே பல பெண்களுக்குப் பொருந்தாத முறை.

இப்போது ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திருமணமாகி ஆறு மாதம். கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஃப்ளாட், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா அம்மா. அவனுக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தனக்கு ஏதோ குறை என்று நினைத்து, லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் போய் லேகியம் வாங்குகிறான். அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு, படத்தில் வருவது போல நடிக்கிறாள். அவள் நடிப்பதை அவன் நம்புகிறான், அதனால் எதையும் மாற்றுவதில்லை. ஒரு நாள் விறைப்பு பாதியில் போய்விடுகிறது. அடுத்த முறை தொட்ட உடனே அவன் மனசு “இன்னைக்கு நிற்குமா?” என்று வேவு பார்க்க ஆரம்பிக்கிறது. அந்த வேவுதான் விறைப்பைக் கெடுக்கிறது.

இதற்கு மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்ட ஒரு தொடுதல் பயிற்சியைப் பாலியல் மருத்துவர்கள் இன்றும் சொல்லித் தருகிறார்கள். முதல் விதியே, சில வாரங்களுக்கு உடலுறவு கூடாது என்று இருவரும் ஒப்புக்கொள்வது. தேர்வே இல்லை என்றால் தோல்வியும் இல்லை அல்லவா! வாரத்தில் இரண்டு மூன்று நாள், வீட்டில் அமைதியான நேரம் பார்த்து, ஆளுக்குச் சுமார் கால் மணி நேரம் மாறி மாறித் தொடுகிறார்கள். மார்பும் பிறப்புறுப்பும் இப்போது கிடையாது. தொடுபவர் சூடு, மென்மை, சொரசொரப்பு இவற்றைத் தன் விரலில் கவனித்தால் போதும், மற்றவரைக் கிளர்ச்சியூட்ட வேண்டியதில்லை. தொடப்படுபவர், பிடிக்காவிட்டால் கையை நகர்த்திவிடலாம்.

இது இயல்பான பிறகு விலக்கிய இடங்களையும் சேர்க்கிறார்கள், ஆனால் உச்சம் இலக்கல்ல. அதற்குப் பிறகு, அசையாமல் இணைந்திருப்பது. கடைசியில்தான் முழு உறவு. பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பயிற்சியில் விறைப்பு வந்ததும் “விடக்கூடாது” என்று அவசரப்பட்டு விதியை மீறுவார்கள். அன்றே பழைய தேர்வு திரும்பி வந்துவிடும். மனசு மறுபடி வேவு பார்த்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

பேச்சுக்கும் ஒரு வழி இருக்கிறது. “நீ அந்தப் படம் பார்த்துக் கெட்டுப்போய்ட்ட” என்றால் அவன் மறைக்கத்தான் செய்வான். “எனக்கு இப்படி வலிக்குது, இப்படித் தொட்டா நல்லாருக்கு” என்றால் அங்கே குற்றவாளி யாரும் இல்லை. அவனும் “படத்துல பார்த்ததுதான் சரின்னு நெனச்சேன்” என்று சொல்லிவிடலாம். இதைப் படுக்கையில் அல்ல, மொட்டை மாடியில் உடை உடுத்தியிருக்கும்போது பேசுவது எளிது.

எல்லாவற்றையும் படத்தின் தலையில் போடவும் கூடாது. காலையில் எழும்போதும் தனியாக இருக்கும்போதும் விறைப்பு சரியாக இருந்து, துணையுடன் மட்டும் போனால் பெரும்பாலும் பயம்தான் காரணம். எல்லா நேரத்திலும் குறைந்தால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் வலி என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு “வேண்டாம்” என்று சொல்லவே பயமாக இருக்கும் வீட்டில் இந்தப் பயிற்சி உதவாது. அங்கே முதலில் சரிசெய்ய வேண்டியது அந்தப் பயத்தை.