மூன்று ஆண்டு அனுபவமும் ஒரு முறுக்குப் பதிவும்

'உள்ளடக்க எழுத்தாளர் தேவை' என்று வரும் வேலை விளம்பரங்களில் பெரும்பாலும் இரண்டு வரிகள் ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நிற்கும். 'குறைந்தது 3 ஆண்டு அனுபவம்' என்பது ஒரு வரி. 'உங்கள் எழுத்து மாதிரிகள் மூன்றை இணைக்கவும்' என்பது இன்னொரு வரி. விண்ணப்பிக்கும் பிள்ளைகள் முதல் வரியைப் படித்துவிட்டுப் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். தேர்வு செய்கிறவர்கள் திறந்து பார்ப்பது இரண்டாவது வரிக்கு வந்த பதிலைத்தான்.

இதை நான் மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இணையப் பக்கங்கள், சமூக ஊடகப் பதிவுகள் எழுதித் தருகிறோம். புதிதாக ஆள் எடுக்கும்போது வரும் ரெஸ்யூமேக்களில் மாதிரிகளை முதலில் படித்துவிட்டு, பிறகுதான் அனுபவப் பட்டியலுக்குப் போவேன். மூன்று ஆண்டும் பண்டிகை வாழ்த்துகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டவரும், மூன்று ஆண்டும் வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதியவரும் ரெஸ்யூமேயில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய பல்லாண்டு ஆய்வுகளைத் திரட்டி 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு தேர்வு முறைக்கும் அந்த ஆள் பிறகு வேலை செய்யும் தரத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்பதை 0 முதல் 1 வரையான அளவில் காட்டினார்கள். வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பதற்கு 0.54 கிடைத்தது. பணி ஆண்டுகளின் எண்ணிக்கைக்குக் கிடைத்தது 0.18. 2022இல் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் திருத்தியபோது முதல் எண் 0.33 ஆகக் குறைந்தது. ஆண்டுகளின் எண் அதைவிடவும் வெகு கீழே போனது. இவை எழுத்தாளர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அல்ல. ஆனாலும் எது மேலே, எது கீழே என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நம் நாட்டுத் தமிழ் எழுத்துக்கே இந்த வழக்கம் உண்டு. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பயிற்சிகளை எழுதி அனுப்பியவர்களை அந்த எழுத்தை வைத்தேதான் எடைபோட்டார்கள். எழுதியவரிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது என்பது அங்கே கேள்வியாக இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பைராம் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் இருக்கும் அக்காவின் மகள், சில மாதங்களுக்கு முன்பு ஜார்ஜ்டவுன் நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தையும் தன் ரெஸ்யூமேயையும் எனக்குப் புலனத்தில் அனுப்பினாள். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு ஆண்டுகளாகக் கிராணி வேலை. எழுத்துத் துறையில் அனுபவம் என்று எழுத ஒன்றும் இல்லை.

"மூணு வருசம் கேட்டிருக்காங்க சின்னம்மா. போடலாமா, வேணாமா?" என்று கேட்டாள்.

அவள் அம்மா பக்கத்திலிருந்து, "இருக்கிற வேலைய விட்டுட்டு எதுக்கு?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். கையில் இருக்கும் சம்பளத்தை வைத்துத்தான் அந்த வீட்டுக் கார்த் தவணை ஓடுகிறது.

நான் முதலில் விளம்பரத்தைத்தான் படித்தேன். வேலை என்ன? தமிழிலும் மலாயிலும் சமூக ஊடகப் பதிவுகள், இணையப் பக்கங்கள், மாதம் ஒரு செய்திமடல். யாரையும் மேற்பார்வை செய்யும் வேலை இல்லை. வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேரம் பேசும் வேலையும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால், மூன்று ஆண்டு என்பது நிஜமான தேவை. வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இங்கே அது வேறு எதற்கோ போட்ட குறியீடு. அரைகுறைத் தகவலைக் கொடுத்தாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுவாளா, படிக்கிறவருக்காக எழுதுவாளா, திருத்தச் சொன்னால் முகம் கோணாமல் நேரத்துக்குத் தருவாளா: முதலாளிக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இவற்றுக்கு மாதிரியில் சாட்சி இருந்தால் ஆண்டுக் கணக்கைப் பெரும்பாலானவர்கள் விட்டுக்கொடுப்பார்கள்.

பிறகு அவளுடைய மாதிரிகள். முதலில் வைத்திருந்தது பள்ளி ஆண்டுமலருக்கு எழுதிய 'கல்வியே கண்' என்ற கட்டுரை. பிழையே இல்லை, ஆனால் யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். தேர்வு செய்கிறவர் முதல் பத்தியோடு நிறுத்திவிடுவார். அதை எடுத்துவிடச் சொன்னேன். பரிசு வாங்கிய கட்டுரை என்று கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

இரண்டாவது, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்காகத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரைப் பேட்டி கண்டு எழுதியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதை. அதில் ஓர் இடத்தில், அவர் பால் வெட்டும் கத்தியை இன்னும் அலமாரி மேலே துணி சுற்றி வைத்திருப்பதையும், செம்பனைக் குலைக்கு அது ஒன்றுக்கும் உதவாது என்று அவரே சிரித்ததையும் எழுதியிருந்தாள். கேட்காமல் இது கிடைக்காது. நான் மாதிரிகளில் தேடுவது இதைத்தான்: எழுதியவர் நாற்காலியை விட்டு எழுந்து போனதற்கான அடையாளம்.

மூன்றாவதை அவள் இணைக்கவே இல்லை, பேச்சுவாக்கில்தான் வந்தது. போன தீபாவளிக்கு அத்தையின் முறுக்கு வியாபாரத்துக்குப் போட்ட பதிவு. முதலில், 'பாரம்பரியச் சுவை, கைமணம் மாறாத தரம், உடனே அழையுங்கள்!' என்று எழுதியிருக்கிறாள். அழைத்தவர்கள் எல்லாரும் அதே நான்கு கேள்வியைக் கேட்க, அத்தை அலுத்துப்போய்த் திட்டியிருக்கிறார். இரண்டாம் நாள் இவள் மாற்றி எழுதியது இது:

'முறுக்கு 1 கிலோ 28 ரிங்கிட். தேங்காய் எண்ணெயில் பொரித்தது. கச்சான் பொரித்த சட்டி இல்லை. புதன் இரவுக்குள் சொன்னால் வெள்ளி மாலை கைக்கு வரும். நிபோங் திபால், பாரிட் புந்தார் வரை நாங்களே கொண்டு வருவோம்.'

அதன் பிறகு அழைத்தவர்கள் எத்தனை கிலோ என்று மட்டும் சொன்னார்களாம். இரண்டு பதிவும் கைப்பேசியில் இருந்தன. இரண்டையும் பக்கத்துப் பக்கமாக வைத்து அனுப்பச் சொன்னேன். விளம்பரம் கேட்ட சமூக ஊடக எழுத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நல்ல பதிவைக் காட்டுவது ஒரு பங்கு. மோசமான பதிவு எப்படி நல்லதானது என்று காட்டுவது இரண்டு பங்கு.

மலாய்க்கு மாதிரி இல்லை. தொழிற்சாலையில் பாதுகாப்பு அறிவிப்புகளை ஆங்கிலத்திலிருந்து மலாயில் எளிமையாக எழுதித் தருவது அவள்தான். அதை அனுப்பலாமா என்றாள். கூடாது. அது நிறுவனத்தின் உள் ஆவணம். இன்று அங்கிருந்து எடுத்துக் கொடுப்பவர் நாளை நம்மிடமிருந்தும் எடுப்பார் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். அதற்குப் பதிலாக, பொதுவில் கிடைக்கும் ஆங்கில டிங்கித் தடுப்புத் துண்டறிக்கை ஒன்றை எடுத்து, தோட்டத்து வீடுகளுக்கு ஏற்றபடி மலாயிலும் தமிழிலும் எழுதினாள். மேலே 'பயிற்சிக்காக நானே எழுதியது' என்று போட்டு, மூலத்தையும் கூட வைத்தாள். சிலர் இப்படி எழுதியதை வாடிக்கையாளருக்குச் செய்தது போலக் காட்டுவார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் அது வெளியே வந்துவிடும். அதோடு மற்ற மாதிரிகளும் செத்துவிடும்.

ரெஸ்யூமேயில் 'சிறந்த தொடர்புத் திறன்', 'குழு மனப்பான்மை' எல்லாம் போயின. ஒவ்வொரு மாதிரிக்குக் கீழும் இரண்டு வரி வந்தது: யார் கேட்டார்கள், என்ன தகவல் கொடுத்தார்கள், அதில் என் பங்கு எது, எவ்வளவு நேரம் ஆனது. பேட்டிக் கட்டுரையை ஓர் ஆசிரியர் திருத்தியிருந்தார், அதையும் எழுதினாள். கிராணி வேலை 2 ஆண்டு என்று உள்ளபடியே நின்றது. வாரந்தோறும் அறிவிப்பு எழுதுவது மட்டும் அதன் கீழ் ஒரு வரியாகச் சேர்ந்தது.

மாதிரியால் எல்லாம் தெரிந்துவிடாது. ஒரு பக்கத்தை ஒரு மணியில் எழுதினாளா, ஒரு மாதத்தில் எழுதினாளா என்பது அதில் இல்லை; அவள் போட்ட கணக்கை நம்ப வேண்டும். அதனால்தான் நல்ல இடங்களில் அடுத்த படியாகச் சிறிய சோதனை வைப்பார்கள். அவளுக்கும் வந்தது. ஒரு பல் மருத்துவமனையின் பக்கம், 300 சொல், இரண்டு மணி நேரம், 80 ரிங்கிட் கட்டணம். கட்டணம் இல்லாமல் முழு நீளக் கட்டுரைகள் நாலைந்து கேட்டால் அது சோதனை அல்ல, இலவச வேலை. ஒதுங்கிவிடலாம்.

கொடுத்த குறிப்பில் மருத்துவமனை திறக்கும் நேரம் ஓர் இடத்தில் காலை 9 என்றும் இன்னோர் இடத்தில் 10 என்றும் இருந்தது. நான் இப்படிப்பட்ட பொறியை வேண்டுமென்றே வைத்ததுண்டு. பாதிப் பேர் ஏதோ ஒன்றை எழுதிவிடுவார்கள். சிலர் நேரத்தையே விட்டுவிடுவார்கள். இவள் எழுதத் தொடங்கும் முன்பே எது சரி என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறாள். மறுநாள் அவர்கள் இரண்டு திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். முதல் வரைவைவிட இந்த இரண்டாம் வரைவைத்தான் நான் கூர்ந்து படிப்பேன். சொன்ன இரண்டு இடத்தை மட்டும் ஒட்டுப் போடுகிறவர் உண்டு. அந்தத் திருத்தத்தால் வேறு எந்த வாக்கியம் ஆடிப்போனது என்று பார்த்து அதையும் சரிசெய்கிறவர் உண்டு. கட்டணத்தை மேலே கொண்டுவரச் சொன்னதால், கீழே 'கட்டணம் பின்னர்' என்றிருந்த வரியை அவளே எடுத்துவிட்டாள்.

நேர்காணலுக்கு இரண்டாம் பாலம் வழியாகத் தீவுக்குப் போனாள். முக்கால் மணி நேரத்தில் பாதிக்கு மேல் முறுக்குப் பதிவைப் பற்றியே பேசினார்களாம். கச்சான் சட்டியைக் குறிப்பிட வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வாமை இருக்கும் பிள்ளையின் அம்மா ஒருவர் அழைத்ததைச் சொல்லியிருக்கிறாள். மூன்று ஆண்டைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது, அதுவும் சம்பளம் பேசும்போது. விளம்பரத்தில் போட்ட தொகையைவிட 300 ரிங்கிட் குறைத்து, ஆறு மாதத்தில் மறுபரிசீலனை என்றார்கள். அந்த மறுபரிசீலனையை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். கடிதம் வந்த பிறகுதான் தொழிற்சாலையில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது அவள் அம்மாவின் கட்டளை. அதில் எனக்கும் உடன்பாடுதான்.