வாடகை வருது, ஆனா வட்டி?

2024 தீபாவளிக்கு மச்சினன் வீட்டுக்கு வந்தவன், ஸ்வீட் பாக்ஸோடு ஒரு ஃப்ளாட் விவரத்தையும் கொண்டு வந்தான். புனேயில் வாகட் பக்கம், பழைய பில்டிங்கில் 2 பி.எச்.கே. விலை 90 லட்சம். உள்ளே ஏற்கெனவே ஒரு குடும்பம் 25,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறது. "அத்தான், இ.எம்.ஐ.யில பாதியை வாடகையே கட்டிடும். 65 லட்சம் லோன், மீதிக்கு அப்பா 25 லட்சம் தர்றேன்னு சொல்லியிருக்காரு" என்றான்.

அந்த 25 லட்சம் என் மாமனார் ரிடையர் ஆனபோது வந்த பணம். கும்பகோணத்தில் அதை நம்பித்தான் இருவரும் இருக்கிறார்கள். தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேங்க்காரனைக் கட்டிக்கொண்டதற்கு இப்படியாவது உபயோகப்படட்டுமே என்ற பார்வை :-)

சரி என்று ஒரு பேப்பரை எடுத்தேன். 25,000 என்றால் வருஷத்துக்கு 3 லட்சம். 90 லட்சத்தில் அது 3.3 சதவீதம். புரோக்கர்கள் சொல்வது இந்தக் கணக்குதான், ஆனால் இதில் இரண்டு பக்கமும் ஓட்டை.

முதல் ஓட்டை விலையில். அங்கே ஸ்டாம்ப் டியூட்டி 7 சதவீதம், அதாவது 6.3 லட்சம். பதிவுக் கட்டணம் 30,000. ஆக கையை விட்டுப் போவது 96.6 லட்சம். அடுத்தது வாடகையில். 11 மாத அக்ரிமெண்ட் முடிந்து ஆள் மாறும்போது காலியாகக் கிடப்பதற்கும் புரோக்கருக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு மாத வாடகையை, 25,000, ஒதுக்கினேன். சொசைட்டி மெயின்டனன்ஸ் மாதம் 3,500, வருஷத்துக்கு 42,000. சொத்துவரி 15,000. பெயின்ட், குழாய், கீஸர் என்று 18,000. மொத்தம் ஒரு லட்சம் போச்சு. மிச்சம் 2 லட்சம்.

96.6 லட்சத்துக்கு 2 லட்சம் என்றால் 2.1 சதவீதம். இதைத்தான் கேப் ரேட் என்கிறோம். கடைகள், ஆபீஸ்களுக்கு வேல்யூவர் ரிப்போர்ட் எழுதும்போது இதைத் திருப்பிப் போடுவார்: நிகர வாடகையை விகிதத்தால் வகுத்தால் மதிப்பு. மச்சினனின் லோன் வட்டி அப்போது 8.5. அந்த விகிதத்தில் 2 லட்சத்தை வகுத்தால் வருவது 23.5 லட்சம்தான். வாடகையை மட்டும் வைத்துப் பார்த்தால் 8.5 சதவீதக் கடனுக்குத் தாங்கும் விலை அவ்வளவே. பாக்கி விலை முழுக்க "நாளைக்கு ஏறும்" என்ற எதிர்பார்ப்புக்குக் கொடுப்பது.

65 லட்சத்துக்கு 20 வருஷத்தில் இ.எம்.ஐ. சுமார் 56,400. நிகர வாடகை மாதம் 16,700 போனால், கையிலிருந்து 40,000 போடவேண்டும். பாதி எங்கே, மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வட்டிக்கு வரி மிச்சமாகுமே என்றான். பழைய வரி முறையில் வாடகைக்கு மேல் போகும் வட்டியை வருஷத்துக்கு 2 லட்சம் வரைதான் சம்பளத்தில் கழிக்கலாம். அவன் இருக்கும் புதிய முறையில் அதுவும் கிடையாது.

"ஆனா விலை ஏறுமே அத்தான், மெட்ரோ வருது."

இதுதான் சரியான கேள்வி. 2.1 வாடகையில் வந்தால், 8.5 வட்டியை ஈடுகட்ட மீதி 6.4 சதவீதம் ஒவ்வொரு வருஷமும் விலை ஏறவேண்டும். வாய்ச்சொல் வேண்டாம், அதே பில்டிங்கின் இன்டெக்ஸ் 2 நகல்களை எடுத்துப் பார் என்றேன். பதிவான விலை அதில் இருக்கும். எடுத்து வந்தான். அதே அளவு ஃப்ளாட் 2013-ல் 58 லட்சத்துக்குப் பதிவாகியிருக்கிறது. 11 வருஷத்தில் 58, 90 ஆனால் வருஷத்துக்கு 4 சதவீதம். வாடகையோடு சேர்த்தாலும் 6.1. (2025-ல் ரெப்போ 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியது. அது முழுசாக இவன் லோனுக்கு வந்தாலும் 7.25 ஆகிறது. அப்போதும் இடிக்கிறது.)

அந்த வாடகையே நிஜமா என்றும் பார்க்கச் சொன்னேன். மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். விற்பவர் வாய்வழியாக 25,000 சொன்னாலும் பதிவான நகலில் என்ன இருக்கிறது, மெயின்டனன்ஸ் அதற்குள்ளேயா வெளியேயா என்று பார்த்துவிட வேண்டும். இதில் சரியாகத்தான் இருந்தது.

மச்சினன் குடியிருக்க வாங்குவதாக இருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். அதில் பிள்ளைகள் ஸ்கூல், நிம்மதி என்று கணக்கில் வராத விஷயங்கள் உண்டு. இது வாடகைக்கு விடவே வாங்குவது.

மாமனாருக்கு ஃபோனில் நான் சொன்னது ஒன்றுதான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம். 25 லட்சத்துக்கு வருஷம் 2.05 லட்சம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 51,250. அந்த 96.6 லட்சம் ஃப்ளாட் முழுசும் தருவதும் ஏறக்குறைய அதேதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாப்ளே, அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

சொன்னேன். தங்கமணி வழியாக.